மெயின்டனன்ஸ் பிரிவிடம் ஏசி விவரம் கேட்பது எப்படி?

கேள்வி: நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஏப்ரலில் தொடங்கும் வருடத்துக்கான பட்ஜெட்டை இந்த வெள்ளிக்கிழமைக்குள் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு மெயின்டனன்ஸ் பிரிவிலிருந்து ஏசி பழுது விவரம் தேவை. பிரிவுப் பொறுப்பாளர் கிண்ணியாக்காரர், என்னைவிட நிறைய மூத்தவர், நானா என்றுதான் கூப்பிடுவேன். "பட்ஜெட்டுக்காக ஏசி மெயின்டனன்ஸ் விவரங்களை உடனடியாக அனுப்பவும்" என்று இரண்டு தரம் மெயில் போட்டேன், பதில் இல்லை. நேரில் கண்டால் நன்றாகத்தான் பேசுகிறார். மேனேஜரிடம் சொல்லலாமா? எப்படி எழுதினால் தருவார்?

பதில்:

மேனேஜரிடம் இப்போதைக்குப் போகவேண்டாம். நேரில் நன்றாகப் பேசும் மனிதர் மெயிலுக்குப் பதில் போடவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் மெயிலில்தான் இருக்கும். "ஏசி மெயின்டனன்ஸ் விவரங்கள்" என்று கேட்டால் அவர் எதை எடுத்து அனுப்புவார்? சர்வீஸ் செய்த திகதிகளா, கேஸ் அடித்த கணக்கா, எந்த ரூமில் எந்தக் கம்பனி ஏசி என்பதா, எத்தனை வருடத்துக்கு? அவர் உங்களிடம் திருப்பிக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், பிறகு லொக் புத்தகத்தைப் புரட்ட வேண்டும், பிறகு டைப் செய்ய வேண்டும். இதற்கிடையில் ரூமில் தண்ணீர் ஒழுகுகிறது என்று ரிசப்ஷனிலிருந்து அழைப்பு வந்துவிடும். உங்கள் மெயில் அப்படியே கீழே போய்விடும்.

ஆனால் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கக்கூடும், அதைப் பலர் யோசிப்பதில்லை. கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் "பழுது விவரம் தா" என்று கேட்டால் மெயின்டனன்ஸ்காரர் காதில் அது எப்படி விழும்? "ஏன் இவ்வளவு செலவாகிறது?" என்றுதான் விழும். ஒரு ரூம் ஏசிக்கு ஒரே வருடத்தில் மூன்று தரம் கேஸ் அடித்திருக்கிறது என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தால், அது தன் பிரிவு ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பதற்குச் சாட்சியாகிவிடும் என்று நினைப்பார். எழுதிக் கொடுக்காமல் இருப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. "உடனடியாக" என்ற சொல் அந்தப் பயத்தைக் கூட்டுமே தவிர வேகத்தைக் கூட்டாது.

ஆகவே நீங்கள் எழுதப்போகும் அடுத்த மெயில் இரண்டு வேலை செய்ய வேண்டும். அவரிடம் மட்டுமே இருக்கும் விவரத்தை மட்டும் கேட்க வேண்டும். அந்த விவரம் அவருக்காக எங்கே, எப்படிப் பயன்படப்போகிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். உங்கள் லெட்ஜரைத் திறந்து பாருங்கள். ஏசிக்காரருக்குக் கட்டிய பில்கள், கேஸ், போர்ட், கப்பாசிட்டர் எல்லாம் பழுதுபார்ப்புக் கணக்கில் திகதியோடும் தொகையோடும் இருக்கும். எந்த ரூமுக்கு என்பதுதான் இருக்காது. "ஏசி ரிப்பேர் 3 யூனிட்" என்று ஒரே பில்லாக வந்திருக்கும். நானாவின் லொக் புத்தகத்தில் இது தலைகீழ்: இன்ன திகதி, இன்ன ரூம், இன்ன வேலை என்று இருக்கும், தொகை இருக்காது. ஆக, பணம் உங்களிடம் இருக்கிறது, ரூம் அவரிடம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் "இந்த ஏசிக்கு இனிமேல் செலவழிப்பது நட்டம்" என்று கொழும்பில் ஒருவரை நம்பவைக்க முடியும். அவரிடமிருந்து உங்களுக்குத் தேவை அந்தப் பாதி மட்டும்தான்.

எனவே வெற்றுக் கடிதமாக அனுப்பாமல், பாதி நிரப்பிய எக்செல் ஒன்றை அனுப்புங்கள். ஒரு ரூமுக்கு ஒரு வரி. ரூம் இலக்கத்தை நீங்களே போடுங்கள். சொத்துப் பதிவேட்டில் ஏசி வாங்கிய வருடம் இருந்தால் அதையும் போடுங்கள். கடந்த 24 மாதப் பில்களைத் திகதி வாரியாகப் பக்கத்தில் ஒரு தாளில் வையுங்கள். அவர் நிரப்ப வேண்டியவை மூன்று: இந்த 24 மாதத்தில் எத்தனை தரம் கேஸ் அடித்தது, என்ன பாகம் மாற்றியது, அவர் அபிப்பிராயத்தில் இந்த ஏசி இன்னொரு சீசன் தாங்குமா இல்லையா. கடைசிக் கேள்விக்கு "தாங்கும்", "தாங்காது" என்ற இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்தால் போதும் என்று வையுங்கள். அவருடைய அனுபவத்துக்கு மதிப்புக் கொடுக்கும் கேள்வியும் அதுதான், கொழும்புக்குத் தேவையான பதிலும் அதுதான்.

இன்னொரு நிரலை நீங்களாகவே சேர்த்து நிரப்பிவிடுங்கள்: கடல் பக்கமா, தோட்டப் பக்கமா. இது ஏன் என்று சொல்கிறேன். திருகோணமலைக் கரையில் கார்த்திகை, மார்கழியிலிருந்து மாசி வரை வடகீழ்ப் பருவக் காற்று நேரே கடலிலிருந்துதான் அடிக்கிறது. அந்தக் காற்றோடு உப்பும் வருகிறது. வெளியே மாட்டியிருக்கும் யூனிட்டின் மெல்லிய அலுமினியத் தகடுகள் அரிக்கின்றன, செப்புக் குழாய் மூட்டுகளும் பழுதாகிக் கேஸ் கசிகிறது. எவ்வளவு நல்ல தொழிலாளி கழுவித் துடைத்தாலும் கடலைப் பார்த்த யூனிட் தோட்டத்தைப் பார்த்த யூனிட்டுக்கு முன்பே போய்விடும். அந்த நிரல் இருந்தால், கேஸ் அடித்த எண்ணிக்கை கடல் பக்க ரூம்களில் குவிந்திருப்பது பார்த்த உடனே தெரியும். பழி காற்றின் மேல் போகும், நானாவின் மேல் போகாது. அவர் பயப்படும் அதே விவரம் அவருக்குச் சாட்சியாக மாறுவது இந்த ஒரு நிரலால்தான். தாளைத் திறந்தவுடனே இதை அவரும் புரிந்துகொள்வார், தொழில் தெரிந்தவர்தானே. ஒருவேளை பழுதுகள் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் காரணம் வேறு என்று அர்த்தம், மின்னழுத்தம் ஏறி இறங்குவது போல. அதையும் அவரிடமே கேளுங்கள்.

இப்போது இரண்டாவது: அவருக்கு இதனால் என்ன? "ஹோட்டலுக்கு நல்லது", "எல்லோருக்கும் உதவும்" என்பதெல்லாம் காரணம் ஆகாது. அவருடைய ஆடி, ஆவணி மாதத்தை நினைத்துப் பாருங்கள். நம் கரையில் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. எல்லா ரூமும் நிறைந்திருக்கும் ஒரு இரவில் கடல் பக்க ஏசி நின்றுவிடுகிறது. விருந்தாளி ரிசப்ஷனில் நிற்கிறார், மாற்றிக் கொடுக்க வேறு ரூம் இல்லை. நானா புதிய யூனிட் கேட்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்? "பழுதுபார்ப்புக் கணக்கில் பணம் இருக்கிறது, ஆனால் புதிது வாங்குவது மூலதனச் செலவு, அதற்கு இந்த வருடம் ஒதுக்கவில்லை, கொழும்பில் விசேட அனுமதி எடுக்க வேண்டும்." அனுமதி வர வாரங்கள் ஆகும். அதுவரை அவர் அதே பழைய யூனிட்டுக்குத் திரும்பவும் கேஸ் அடித்துக்கொண்டிருப்பார். பேச்சு வாங்குவதும் அவர்தான். பட்ஜெட்டில் மூலதன வரியில் பெயர் போட்டு ஒதுக்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்த வரியை இப்போது எழுதாவிட்டால் அடுத்த சந்தர்ப்பம் ஒரு வருடம் கழித்துத்தான். அவருக்குச் சொல்ல வேண்டிய காரணம் இதுதான்.

விவரம் வராவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் மிரட்டலாக இல்லாமல் தகவலாகச் சொல்லிவிடுங்கள். போன வருடத்துப் பழுதுபார்ப்புத் தொகையோடு சிறு சதவீதம் கூட்டிப் போடுவீர்கள், புதிய ஏசிக்கு ஒன்றும் இருக்காது. பெரும்பாலான கணக்குப் பிரிவுகள் செய்வது இதுதான், ஆனால் இதை மற்றப் பிரிவுகளுக்கு யாரும் சொல்வதில்லை. தகவல் தராமல் விட்டால் பட்ஜெட்டில் பூச்சியம் விழும் அல்லது வேலை நின்றுபோகும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் ஒன்றும் நிற்பதில்லை, பழைய எண்ணே சத்தமில்லாமல் மறுபடியும் போகிறது.

மெயில் ஏறத்தாழ இப்படி இருக்கலாம். மேலே கடைசித் திகதியும், கேட்கும் பொருளும் தலைப்பிலேயே வரட்டும்.

*தலைப்பு: புதிய ஏசி கேட்பதற்கான ரூம் பட்டியல் – வியாழன் மதியம் 12 மணிக்குள்*

*நானா, வணக்கம்.*

*ஏப்ரல் பட்ஜெட்டில் புதிய ஏசி வாங்கத் தனியாகப் பணம் ஒதுக்கும்படி கொழும்பைக் கேட்கப்போகிறேன். சீசன் நடுவில் நீங்கள் புது யூனிட் கேட்டு நாங்கள் பணம் இல்லை என்று சொல்லும் நிலைமை இந்த வருடம் வரக்கூடாது. எந்தெந்த ரூம் என்று காட்டினால்தான் அங்கே பேசலாம்.*

*இணைத்திருக்கும் தாளில் ரூம் இலக்கம், வாங்கிய வருடம், பில் தொகை எல்லாம் நான் போட்டுவிட்டேன். மஞ்சள் நிறத்தில் இருக்கும் மூன்று நிரல்கள் மட்டும் உங்களுடையவை. எல்லா ரூமும் வேண்டாம், கடல் பக்கமும் ஒப்பிட்டுப் பார்க்கத் தோட்டப் பக்கம் சிலதுமாக 16 ரூம் போதும். டைப் செய்ய நேரம் இல்லையென்றால் லொக் புத்தகத்தின் பக்கங்களைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், நான் ஏற்றிக்கொள்கிறேன்.*

*வெள்ளி பின்னேரம் 3 மணிக்கு இது கொழும்புக்குப் போக வேண்டும். அனுப்புவதற்கு முன் முழுத் தாளையும் உங்களுக்குக் காட்டுவேன், பிழை இருந்தால் திருத்தலாம். வியாழனுக்குள் கிடைக்காவிட்டால் போன வருடப் பழுதுத் தொகையை வைத்துத்தான் அனுப்ப வேண்டிவரும், அதில் புதிய ஏசி இருக்காது.*

*கேட்கும் எல்லாம் கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. பெயர் போட்டுக் கேட்டால் கிடைக்க இடமுண்டு.*

இதில் சில இடங்களைக் கவனியுங்கள். ஹோட்டலில் 40 ரூம் என்று வைத்துக்கொண்டால், 40ஐயும் கேட்காமல் 16ஐ மட்டும் கேட்டது வேலையைக் குறைப்பதற்காக மட்டும் இல்லை. எல்லா ஏசியையும் மாற்றக் கேட்கும் பட்டியலைத் தலைமை அலுவலகம் பட்டியலாகவே மதிக்காது, பாதியை வெட்டிவிடும். "அனுப்புவதற்கு முன் உங்களுக்குக் காட்டுவேன்" என்பது அவர் பயத்துக்கு நேரான பதில். அதை எழுதினால் கட்டாயம் செய்ய வேண்டும். கடைசி வரியும் தேவை. வாக்குக் கொடுத்துவிட்டு ஆறு கேட்டு மூன்று வந்தால் அடுத்த வருடம் உங்கள் மெயிலை அவர் திறக்கவே மாட்டார். அதேபோல, இந்த விவரத்தை வைத்து மெயின்டனன்ஸ் வேலையை வெளியாருக்குக் கொடுக்கும் யோசனை மேலிடத்தில் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரிந்தால், "உங்கள் நன்மைக்குத்தான்" என்று எழுதாதீர்கள். பேசாமல் அந்த வரியை விட்டுவிடுங்கள்.

எழுத்து மட்டும் போதாது. மெயிலை அனுப்பிய கையோடு பட்டறைப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். காலை ரவுண்ட் முடிந்து தேத்தண்ணி குடிக்கும் நேரம் பொருத்தம். தாளை அச்செடுத்துக் கொண்டுபோய் ஒரு ரூமை மட்டும் அவரோடு சேர்ந்து நிரப்புங்கள். முதல் வரி நிரம்பிவிட்டால் மிச்சம் எப்படி என்று விளக்கத் தேவையில்லை. "நானா, 12ஆம் ரூம் ஏசி எப்படி?" என்று கேட்டால் லொக் புத்தகமே இல்லாமல் அவர் வரலாறு முழுவதும் சொல்லிவிடுவார், குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திகதிகளை மட்டும் புத்தகத்தில் சரிபார்த்தால் சரி. நோன்பு காலமாக இருந்தால் காலையிலேயே போங்கள், பின்னேரத்தில் களைத்திருக்கும் மனிதரிடம் பட்டியல் நீட்டாதீர்கள். தேத்தண்ணி சாட்டும் அப்போது பொருந்தாது. வியாழன் மதியம் என்று வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. வெள்ளி மதியம் அவர் ஜும்ஆவுக்குப் போய்விடுவார், திரும்பி வந்து சேரும்போது உங்கள் 3 மணி நெருங்கியிருக்கும். வியாழன் மதியம் கைக்கு வந்தால் உங்களுக்கும் பில்களோடு பொருத்திப் பார்க்க அரை நாள் கிடைக்கும். அந்த அரை நாள் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் பில் திகதியும் வேலை செய்த திகதியும் ஒன்றாக இருக்காது. ஏசிக்காரர் மாதக் கடைசியில் சேர்த்து பில் போட்டிருப்பார்.

பொருத்திய பிறகு தாள் என்ன சொல்லும் என்பதற்கு 12ஆம் ரூமையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக் காட்டுவதற்காக நான் போட்டவை. 24 மாதத்தில் நான்கு தரம் கேஸ், ஒரு தரத்துக்கு 18,000 ரூபாய், ஆக 72,000. ஒரு போர்ட் 38,000. ஒரு கப்பாசிட்டர் 4,500. மொத்தம் 114,500. இதுவரை பார்த்தால் பொருத்துக்கூலியோடு 220,000 ஆகும் புதிய யூனிட்டைவிட இது பாதிதான், பழுதுபார்ப்பதே இலாபம் என்று கொழும்பில் சொல்லிவிடுவார்கள். இன்னொரு எண்ணைச் சேருங்கள்: அந்த ஏசியால் ரூமை விற்காமல் மூடிவைத்த இரவுகள். இது நானாவிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, ரிசப்ஷன் கணினியில் இருக்கிறது. பழுது காரணமாக மூடிய ரூம்களின் பட்டியலை அவர்களிடம் கேட்டால் சில நிமிடத்தில் எடுத்துத் தருவார்கள். சீசனில் மூன்று இரவு, இரவுக்கு 25,000 என்றால் 75,000. இப்போது தொகை 189,500. இதே கேஸ் கசிவு அடுத்த சீசனிலும் தொடரும் என்று நானா "தாங்காது" என்று குறித்திருக்கிறார். இனி 220,000 பெரிய தொகையாகத் தெரியாது.

திகதி விஷயமும் உங்கள் பக்கம் பேசும். ஏப்ரல் முதலாம் திகதி பட்ஜெட் நடைமுறைக்கு வருகிறது, சித்திரைப் புத்தாண்டுக்குக் கடைகளும் தொழிலாளரும் சில நாட்கள் இல்லை, மே மாதம் ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். புதிய யூனிட் மாட்டுவதற்குக் கிடைப்பது ஏறத்தாழ மூன்று வாரம். மார்ச்சிலேயே விலைக்கோரல் எடுத்துவைத்தால்தான் அது நடக்கும். இதை நானாவிடம் சொன்னால், தாளை நிரப்புவதோடு விலையும் விசாரித்துத் தருவார், ஏசிக்காரரைத் தெரிந்தவர் அவர்தான்.

சரி, வியாழன் மதியம் தாண்டியும் ஒன்றும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் "இன்னும் அனுப்பவில்லையே" என்று ஞாபகமூட்டாதீர்கள். உங்களால் முடிந்த அளவு நீங்களே நிரப்பி, "நானா, உங்கள் பதில் கிடைக்காததால் கடல் பக்கம் இரண்டு ரூமை மட்டும் மாற்ற வேண்டும் என்று போட்டிருக்கிறேன், 12ம் 15ம். பிழையென்றால் நாளைக் காலை 10 மணிக்குள் சொல்லுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வெற்றுக் கட்டத்தை நிரப்ப நேரம் இல்லாத மனிதர், பிழையான எண்ணைக் கண்டால் பொறுக்கமாட்டார். "இரண்டா? எட்டாவது ரூமை யார் பார்ப்பது?" என்று பத்து நிமிடத்தில் அழைப்பு வரும். அப்படி வந்ததும் பேசிக்கொண்டே நிரப்பிவிடலாம். ஆனால் ஆளைச் சீண்டுவதற்காக வேண்டுமென்றே பிழையான எண் போடாதீர்கள். பில்களை வைத்து உங்களுக்கு நியாயமாகத் தோன்றும் எண்ணாகவே இருக்கட்டும், யாரும் திருத்தாவிட்டால் அதுதானே போகப்போகிறது.

மேனேஜரிடம் போவது அதற்கும் பதில் இல்லை என்றால் மட்டும். போவதற்கு முன் நானாவிடம் சொல்லிவிடுங்கள்: "மேனேஜரிடம் இந்த வரி அரைகுறையாகத்தான் போகிறது என்று சொல்லப்போகிறேன், ஏன் என்று கேட்டால் நீங்கள் சைட்டில் நெருக்கடியில் இருந்தீர்கள் என்று சொல்கிறேன்." முதல் மெயிலிலேயே மேனேஜருக்குப் பிரதி போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. மூத்தவர் ஒருவரைக் கேட்பதற்கு முன்பே குற்றம் சாட்டியது போல் ஆகும், பிறகு அவர் தருவதைச் சட்டப்படி மட்டும் தருவார், "தாங்காது" என்ற அந்த உண்மையான பதில் வராது. மேனேஜருக்குப் பிரதி போடுவதற்கு நல்ல இடம் வேறு ஒன்று இருக்கிறது: விவரம் வந்த பிறகு நன்றி சொல்லும் மெயில். "நானா தந்த பட்டியலால்தான் கடல் பக்க ரூம்களைப் பிரித்துக் காட்ட முடிந்தது" என்று ஒரு வரி எழுதி அங்கே பிரதி போடுங்கள்.

பட்ஜெட் போன பிறகு பொதுவாகக் கணக்குப் பிரிவு மௌனமாகிவிடும். கொழும்பு என்ன சொன்னது என்று மற்றப் பிரிவுக்கு மாதக்கணக்கில் தெரியாது, வதந்தியாகத்தான் தெரியவரும். ஆறு கேட்டு மூன்றுக்கு அனுமதி வந்தால் அதே நாள் நானாவிடம் போய்ச் சொல்லுங்கள், வெட்டியவர் யார், என்ன காரணம் சொன்னார் என்பதோடு. எந்த மூன்று ரூம் என்பதை உங்கள் தாளின் வரிசைப்படி நீங்களே முடிவு செய்யாமல் அவரிடம் விடுங்கள். மிச்ச மூன்றுக்கும் சீசன் முழுவதும் கேஸ் அடித்துக்கொண்டிருக்கப்போவது அவர்தான்.